பணம் இல்லை, வழி உண்டு

தீபாவளி முடிந்த மறுவாரம் ஜவுளிக்கடைகளில் விற்பனை குறையும். திரும்பி வரும் துணிகள் கூடும். சட்டை சிறியதாகிவிட்டது, சுடிதாரின் நிறம் பிடிக்கவில்லை, ஒரே மாதிரி இரண்டு புடவை வந்துவிட்டது என்று காரணங்கள் பல. பெரிய கடையில் இதற்கென்றே ஒரு கவுன்டர் இருக்கும். வீட்டு முன்னறையில் புடவைகளை அடுக்கி, வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் படம் போட்டு விற்கிற பெண்ணுக்கு அப்படிக் கவுன்டர் கிடையாது. விற்பவரும் அவரே, பார்சல் கட்டுபவரும் அவரே, ‘பணமாகத் தர முடியாது’ என்று சொல்ல வேண்டியவரும் அவரே. மூன்றில் கடினமானது கடைசி வேலைதான். அதைச் சரியாகச் செய்யச் சொல்லித்தருபவர்கள் குறைவு.

ஒரு கடையை நினைத்துக்கொள்வோம். காஞ்சிபுரத்தில் நெசவாளர்களிடமும் மொத்த வியாபாரிகளிடமும் பட்டுப் புடவை எடுத்து ஆன்லைனில் விற்கும் சிறு கடை. வாடிக்கையாளர் மதுரைக்காரர். மச்சினர் கல்யாணத்துக்காக அரக்கு நிறத்தில் ஒரு பட்டுப் புடவையை 9,800 ரூபாய்க்கு வாங்குகிறார். பணம் கட்டியது நவம்பர் 3. பார்சல் கைக்கு வந்தது 5. ஒன்பதாம் தேதி காலையில் செய்தி வருகிறது: “அக்கா, அம்மாவும் எனக்கு அரக்கு கலர்லயே ஒண்ணு எடுத்து வச்சிட்டாங்க. புடவையைப் பிரிச்சுக்கூட கட்டல. அனுப்பிடறேன், பணத்தை ஜிபே பண்ணிடுங்க.”

கடையின் விதி இது: குறை இல்லாத புடவை என்றால், பார்சல் கிடைத்த 7 நாளுக்குள் வேறு புடவையாக மாற்றிக்கொள்ளலாம், அல்லது அதே தொகைக்குக் கிரெடிட் நோட் பெற்றுக்கொள்ளலாம். பணமாகத் திருப்பித் தருவதில்லை. பணம் கட்டுவதற்கு முன் அனுப்பிய செய்தியிலும் பில்லிலும் இந்த விதி இருக்கிறது.

கேட்பவர் பொய் சொல்லவில்லை. கோபப்படவும் இல்லை. ஆனால் கடைக்காரரிடம் அந்த 9,800 ரூபாய் இப்போது இல்லை. அதில் பெரும்பகுதி மொத்த வியாபாரிக்குப் போய்விட்டது. முகூர்த்த மாதங்கள் கடந்துவிட்டால் அந்தப் புடவை மறுபடி விலை போக மாதக்கணக்காகலாம். ஆகவே மறுக்கத்தான் வேண்டும். எப்படி மறுப்பது?

பேனாவை எடுப்பதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். வந்திருப்பது மனமாற்றமா, குறை பற்றிய புகாரா? இந்த இரண்டுக்கும் சட்டத்தில் வெவ்வேறு இடம் இருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடவடிக்கைகளில் ஒன்றாகப் பட்டியலிடுகிறது. பில்லில் ஒரு காலக்கெடு போட்டிருந்தால் அதற்குள்ளும், எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள்ளும் வாடிக்கையாளர் கேட்கலாம். அதே 2020-இல் வந்த மின்வணிக விதிகள் இன்னும் ஒருபடி மேலே போகின்றன. ஆன்லைனில் விற்ற பொருளில் குறை இருந்தாலும், அது போலியாக இருந்தாலும், விளம்பரத்தில் சொன்ன தன்மை அதில் இல்லாவிட்டாலும், சொன்ன தேதிக்குப் பிந்தி வந்தாலும் விற்பனையாளர் அதைத் திரும்பப் பெறவோ பணம் தரவோ மறுக்கக்கூடாது. வெள்ளம், புயல் போலக் கைமீறிய காரணத்தால் தாமதமானால் மட்டும் விலக்கு உண்டு. நாலு பேருக்கு எப்போதாவது விற்பவரை இந்த விதிகள் தொடுவதில்லை. தொழிலாகத் தொடர்ந்து விற்பவரைத் தொடும், அவர் வீட்டிலிருந்து விற்றாலும்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லின் அடியில் அச்சடித்துவிட்டால் எல்லாவற்றுக்கும் காப்பு என்று நினைக்கிற கடைக்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள். குறையுள்ள பொருளுக்கு அந்த வரி உதவாது. மனமாற்றத்துக்கு மட்டும்தான் கடை தன் விதியைச் சொல்லி மறுக்க முடியும். காரணம் எளிமையானது: பொருள் சொன்னபடி இருந்து, நேரத்தில் வந்து சேர்ந்தும் வாங்கியவருக்கு அது வேண்டாமென்று ஆகிவிட்டால், பணத்தைத் திருப்பித் தரும்படி கடையைச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை.

மதுரைக்காரரின் செய்தி தெளிவானது. ஒரே நிறத்தில் இரண்டு புடவை வந்துவிட்டது, அது மனமாற்றம். எல்லாச் செய்திகளும் இத்தனை தெளிவாக வருவதில்லை. “கலர் பிடிக்கல, ரிட்டர்ன் எடுத்துக்கங்க” என்று ஒருவர் எழுதினால் அதற்குள் இரண்டு பொருள் இருக்கலாம். படத்தில் பார்த்த அதே நிறம்தான், ஆனால் தனக்குப் பொருந்தவில்லை என்பது ஒன்று. படத்தில் மயில்கழுத்து நிறமாகத் தெரிந்தது, வந்தது வெறும் நீலம் என்பது இன்னொன்று. இரண்டாவதாக இருந்தால் ‘விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லை’ என்ற இடத்துக்கு விஷயம் போய்விடுகிறது. அங்கே கடையின் விதி பேசாது. மறுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போதும்: “அக்கா, படத்துல பார்த்த கலருக்கும் வந்ததுக்கும் வித்தியாசம் இருக்கா? ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்துல ஒரு போட்டோ அனுப்புங்க.” குழல்விளக்கின் கீழ் எடுத்த படத்தையும் பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பட்டு எவ்வளவு மாறித் தெரியும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஊடும் பாவும் வெவ்வேறு நிறத்தில் நெய்த புடவையில் அந்த வித்தியாசம் இன்னும் அதிகம்.

சரிகையிலும் இப்படித்தான். ‘அசல் சரிகை’ என்று விற்றுவிட்டு, அது சாதாரணச் சரிகை என்று வாடிக்கையாளர் சோதித்துச் சொன்னால், அவரிடம் ‘ரீஃபண்ட் பாலிசி’ பற்றிப் பேசுவது தவறு. அங்கே பேச வேண்டியது பணத்தைத் திருப்பித் தரும் தேதியைப் பற்றி மட்டும்தான். பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுக்கவில்லை என்பதைக் காரணமாகச் சொல்லிப் பல விற்பனையாளர்கள் கைகழுவுகிறார்கள். வீடியோ நல்ல சான்று. அதைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் அது இல்லை என்பதாலேயே கிழிந்த புடவை கிழியாத புடவை ஆகிவிடாது. சட்டமும் அப்படி ஒரு நிபந்தனை வைக்கவில்லை.

உறுதி செய்ய வேண்டிய இன்னொன்று, விதி எப்போது சொல்லப்பட்டது என்பது. பார்சலுக்குள் மடித்து வைத்த பில்லில்தான் வாடிக்கையாளர் அந்த விதியை முதன்முதலாகப் பார்க்கிறார் என்றால், அந்த விதியைக் காட்டி மறுப்பது பலவீனமான மறுப்பு. பணம் போன பிறகு தெரிந்த நிபந்தனை அது. கார்டில் பணம் கட்டியவர் வங்கியிடம் சார்ஜ்பேக் கேட்டால், விற்பனையாளர் காட்ட வேண்டிய சான்றுகளில் ஒன்று, வாங்கும்போதே இந்த விதி வாடிக்கையாளருக்குத் தெரியப்படுத்தப்பட்டது என்பது. நம் காஞ்சிபுரக் கடையில் நவம்பர் 3 அன்று காலை, பணம் கட்டும் எண்ணை அனுப்பிய அதே செய்தியில் விதியும் இருந்தது. மறுப்புக்கு உறுதியான தரை இருக்கிறது.

இனி எழுதலாம். இந்த இடத்தில் பெரும்பாலோர் இரண்டில் ஒரு விதமாகத் தவறுகிறார்கள். முதல் விதம் இப்படி இருக்கும்: “ரீஃபண்ட் கிடையாது மேடம். பில்லில் தெளிவாகப் போட்டிருக்கு. படிச்சிட்டுத்தானே வாங்கினீங்க?” இதிலுள்ள தகவல் எதுவும் பொய்யில்லை. ஆனால் கடைசிக் கேள்வி வாடிக்கையாளரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. அதைவிடப் பெரிய குறை, அவர் இனி என்ன செய்யலாம் என்பது அதில் இல்லை. மாற்றிக்கொள்ளும் உரிமை அவருக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அதை அவருக்குச் சொல்லவே இல்லை. கோபத்தில் அவர் பதில் எழுதாமல் விட்டுவிட்டால், 12-ஆம் தேதி அந்த உரிமையும் போய்விடும். பிறகு அவர் எங்கெல்லாம் இந்தக் கடையைப் பற்றிப் பேசுவாரோ அங்கெல்லாம் பேச்சு ஒரே மாதிரிதான் இருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வாங்கும்வரை “அக்கா, இந்தக் கலர் உங்களுக்கு நல்லா இருக்கும்” என்று எழுதிய கை, மறுக்கும்போது “மேடம்” என்று மாறுகிறது. சிலர் இன்னும் தள்ளிப் போய் ‘அன்பார்ந்த வாடிக்கையாளருக்கு’ என்று தொடங்குகிறார்கள். விற்கும்போது உறவு, கேட்கும்போது அந்நியம். மறுப்பை விட இந்த மாற்றம்தான் அதிகம் சுடும். அக்கா என்று கூப்பிட்டு விற்றவர் அக்கா என்று கூப்பிட்டே மறுக்க வேண்டும். சார் என்றால் சார்.

இரண்டாவது விதம் இதற்கு நேர்மாறானது. “ரொம்ப சாரி அக்கா, எனக்கே கஷ்டமா இருக்கு. வீட்டுக்காரர்கிட்ட பேசிப் பார்க்கிறேன். பொதுவா தர்றதில்ல, ஆனா உங்களுக்காக என்ன பண்ண முடியும்னு பார்க்கலாம்.” படிக்க இதமாக இருக்கிறது. ஆனால் இதில் மறுப்பே இல்லை. வாடிக்கையாளர் இதை எப்படிப் படிப்பார்? பணம் வரப்போகிறது, இரண்டு நாள் பொறுக்க வேண்டும் என்று. இரண்டு நாள் கழித்து, வராது என்று தெரியும்போது அவர் ஏமாற்றப்பட்டதாக உணர்வார். அந்த உணர்வு நியாயமானதும்கூட. தர முடியாது என்று முதல் நாளே தெரிந்த கடைக்காரர், சொல்லத் தயங்கி இரண்டு நாளைக் கடத்தியிருக்கிறார். அந்த இரண்டு நாளும் வாடிக்கையாளரின் ஏழு நாளிலிருந்து போனவை.

இதமாகச் சொல்ல வேண்டும் என்ற நல்ல எண்ணத்திலிருந்துதான் இந்தத் தவறு வருகிறது. ஆனாலும் முதல் விதத்தை விட இதுவே அதிகத் தொல்லை தரும் என்பதில் சந்தேகமில்லை. கடுமையான மறுப்பில் வாடிக்கையாளருக்குக் குறைந்தபட்சம் நிலைமையாவது தெரிகிறது. மழுப்பலில் அதுவும் தெரிவதில்லை.

சரியான பதில் எப்படி இருக்கும்? அதே கடையிலிருந்து, அதே நாளில், இப்படி ஒரு செய்தி போகலாம்:

“அக்கா, வணக்கம். அம்மாவும் அரக்கு கலர்லயே எடுத்துட்டாங்கன்னு பார்த்தேன். ஒரே கலர்ல ரெண்டு இருந்தா ஒண்ணு சும்மாதான் இருக்கும், புரியுது. 9,800 ரூபாயைப் பணமா திருப்பித் தர முடியாதுக்கா. குறை இல்லாத புடவைக்கு மாத்திக்கறது, இல்லைன்னா கிரெடிட் நோட், இது ரெண்டு மட்டும்தான் நம்ம கடையில. 3-ஆம் தேதி பணம் கட்டறதுக்கு முன்னாடி அனுப்பின மெசேஜ்ல இது இருக்கு. நீங்க இப்படிச் செய்யலாம். வேற கலர் வேணும்னா, இதே விலையில இப்ப கையில இருக்கற பன்னிரண்டு புடவை போட்டோ கீழே அனுப்பியிருக்கேன். பிடிச்சதைச் சொன்னா உங்களுக்காக எடுத்து வச்சிடறேன். இப்ப எதுவும் வேண்டாம்னா 9,800-க்குக் கிரெடிட் நோட் போட்டுத் தர்றேன், மே 10 வரைக்கும் செல்லும். எதுவா இருந்தாலும் புடவையை 12-ஆம் தேதிக்குள்ள கூரியர்ல போட்டுட்டு ரசீதை போட்டோ எடுத்து அனுப்பிடுங்க. கூரியர் செலவு உங்களது. புடவை வந்த மறுநாள் மாத்துப் புடவையோ நோட்டோ உங்களுக்கு வந்துடும்.”

இந்தச் செய்தியில் மறுப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மூன்றாவது வாக்கியம் முடிந்த கையோடு வந்துவிடுகிறது. அதற்கு முன்னால் வருவது, அவர் சொன்ன காரணத்தைக் கேட்டுக்கொண்டோம் என்பதற்கான அடையாளம் மட்டும். அது பொதுவான அனுதாபமாக இல்லை. ‘அம்மா’, ‘அரக்கு’ என்று அவர் எழுதிய சொற்களே அதில் இருக்கின்றன. ‘உங்கள் சிரமத்தை உணர்கிறோம்’ என்பதை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். இதை இந்த ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும்தான் அனுப்ப முடியும்.

மறுப்பு ஒரே தடவைதான் வருகிறது. தொகையோடு வருகிறது. ‘இயலுமா என்று தெரியவில்லை’, ‘கொஞ்சம் கஷ்டம்’ என்ற இழுவை இல்லை. அதோடு மன்னிப்பும் இல்லை என்பதைச் சிலர் கவனிப்பார்கள். இங்கே கடை தவறு எதுவும் செய்யவில்லை. தவறு செய்யாத இடத்தில் மன்னிப்பு கேட்டால், ‘தவறு உங்களுடையது என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்களே, அப்புறம் பணம் தருவதற்கென்ன’ என்ற கேள்வி பிறக்கும். பார்சல் தாமதமாகியிருந்தால், தவறான அளவு போயிருந்தால், அப்போது கேட்க வேண்டிய மன்னிப்பு இது. அதைச் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

காரணமும் ஒன்றே ஒன்றுதான். இது பலருக்குக் கைவராத இடம். மறுக்கும்போது குற்ற உணர்வு வந்து காரணங்களை அடுக்கச் சொல்லும்: விதி இடம் தரவில்லை, பணம் மொத்த வியாபாரிக்குப் போய்விட்டது, மடிப்புக் கலைந்திருக்கும், இந்த மாதம் வியாபாரமே இல்லை. ஒவ்வொன்றும் உண்மையாக இருக்கலாம். ஆனால் வாடிக்கையாளர் அவற்றில் மெலிந்த ஒன்றைப் பிடித்துக்கொள்வார். “மடிப்பு கலையவே இல்லக்கா, அப்படியே இருக்கு, வீடியோ அனுப்பட்டுமா?” என்று கேட்பார். மடிப்புதான் தடை என்றால் இப்போது தடை நீங்கிவிட்டதே; இனி என்ன சொல்வது? உறுதியான காரணம் ஒன்று மட்டும் இருந்தால் இந்தப் பேரம் தொடங்காது. இங்கே அந்தக் காரணம், வாங்கும் முன்பே இருவருக்கும் தெரிந்த விதி.

செய்தியில் பாதிக்கு மேல் மாற்றுவழிக்கே போயிருக்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். ஏனென்றால் வாடிக்கையாளர் அடுத்துச் செய்யப்போகும் காரியம் அங்கேதான் இருக்கிறது. ‘வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம்’ என்று ஒரு வரியில் விட்டுவிடுவது வழி காட்டுவதாகாது. எந்தப் புடவைகளிலிருந்து மாற்றலாம், எத்தனை ரூபாய்க்கு நோட்டு, எந்தத் தேதிவரை செல்லும், புடவையை எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும், கூரியர் செலவு யாருடையது, அனுப்பிய பிறகு எத்தனை நாளில் என்ன வரும் – இவை எல்லாம் தெரிந்தால்தான் அவர் இன்னொரு கேள்வி கேட்காமல் முடிவெடுக்க முடியும். கூரியர் செலவை இப்போதே சொன்னதும் முக்கியம். மாற்றுவழியில் ஒளிந்திருக்கும் செலவு பின்னால் தெரியவந்தால், வழியே பொறியாகத் தோன்றும்.

பொறியாகவே வைக்கப்படும் மாற்றுவழிகளும் உண்டு. பதினைந்து நாளில் காலாவதியாகும் கிரெடிட் நோட் ஒன்று. ‘இருபதாயிரத்துக்கு மேல் வாங்கினால் மட்டுமே செல்லும்’ என்ற நிபந்தனை இன்னொன்று. ‘மாற்றிக்கொள்ளலாம்’ என்று சொல்லிவிட்டு, போகாத சரக்கு நாலை மட்டும் காட்டுவது மற்றொன்று. இவற்றை எவ்வளவு இனிமையாக எழுதினாலும் வாடிக்கையாளர் கண்டுகொள்வார். தான் அந்த இடத்தில் இருந்தால் இந்த வழியை எடுத்துக்கொள்வேனா என்று கடைக்காரர் தன்னைக் கேட்டுக்கொண்டால் விடை தெரிந்துவிடும். ஆமாம் என்று சொல்ல முடியாவிட்டால் திருத்த வேண்டியது விதியைத்தான்.

மதுரைக்காரருக்கு வருவோம். அன்று மாலை அவரிடமிருந்து பதில் வருகிறது: “அக்கா, எனக்கு இப்ப புடவையே வேண்டாம். கல்யாணத்துக்கு நகைச் சீட்டு கட்டணும், பணம்தான் வேணும். ஒரு தடவை மட்டும் பாருங்க.”

இரண்டாவது தடவை கேட்கும்போதுதான் மறுப்பின் உறுதி சோதிக்கப்படுகிறது. இங்கே புதுக் காரணம் எதையும் தேடக்கூடாது. நேற்று விதி என்று சொன்னவர் இன்று ‘கணக்கு முடிஞ்சிடுச்சு’ என்று சொன்னால், நேற்றுச் சொன்னது உண்மைக் காரணம் இல்லை என்று ஆகிவிடும். விதியை நீட்டி முழக்கி மறுபடி விளக்குவதும் வேண்டாம். அவர் அதை ஏற்கெனவே படித்துவிட்டார். மறுப்பை அதே சொற்களில், சுருக்கமாக ஒரு தடவை சொல்லிவிட்டு, மாற்றுவழியை அவருடைய புதுத் தேவைக்கு அருகே நகர்த்தப் பார்க்கலாம். அவருக்கு உண்மையில் வேண்டியது என்னவென்று இப்போதுதான் தெரிந்திருக்கிறது: ரொக்கம்.

“புரியுதுக்கா. பணமா மட்டும் தர முடியாது. ஆனா ஒண்ணு பண்ணலாம். கிரெடிட் நோட்டை உங்க பேர்ல மட்டும் வச்சுக்கணும்னு இல்ல. உங்க சொந்தத்துலயோ பிரண்ட்ஸ்லயோ கல்யாணத்துக்குப் புடவை எடுக்கறவங்க இருந்தா, அவங்க பேருக்கே மாத்தித் தர்றேன். அவங்க இங்க புடவை எடுத்துக்கட்டும், 9,800-ஐ உங்ககிட்ட கொடுத்துடட்டும். அவங்க பேரும் போன் நம்பரும் அனுப்புங்க, அன்னைக்கே மாத்திடறேன். ரெண்டு பேருக்குப் பிரிச்சு வேணும்னாலும் பிரிச்சுத் தர்றேன்.”

கல்யாண வீட்டில் புடவை எடுக்காத சொந்தம் இருக்காது. நாத்தனாரோ ஓரகத்தியோ 9,800 ரூபாய்க்குப் புடவை எடுத்தால், இவர் கையில் பணம் வந்துவிடும். கடையிலிருந்து ஒரு ரூபாய்கூட வெளியே போகவில்லை. கடையின் விதி ஒரு எழுத்தும் மாறவில்லை. முதல் மறுப்போடு நின்றிருந்தால் இந்த வழி இருவர் கண்ணுக்கும் பட்டிருக்காது. கிரெடிட் நோட்டை அடுத்தவர் பெயருக்கு மாற்றக்கூடாது என்று பல கடைகளில் விதி வைத்திருக்கிறார்கள். கணக்குக் குழப்பத்துக்குப் பயந்து வைத்த விதி அது. ஒரு நோட்டுப்புத்தகத்தில் எண், பெயர், மாற்றிய தேதி என்று மூன்று கட்டம் போட்டுவிட்டால் சிறு கடையில் அந்தக் குழப்பம் வராது.

இதே வாடிக்கையாளர் புடவையின் ஜாக்கெட் துணியை வெட்டியிருந்தால் கதை வேறு. காஞ்சிபுரப் புடவையோடு சேர்த்து நெய்து வரும் ஜாக்கெட் துணி ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். அதை வெட்டி எடுத்த பிறகு, கீழே பால்ஸ் தைத்த பிறகு, முந்தானையில் குஞ்சம் கட்டிய பிறகு, அந்தப் புடவையைப் புதுப் புடவை என்று இன்னொருவருக்கு விற்க முடியாது. விற்றால் அவரை ஏமாற்றுவதாகும். ஆகவே பணமும் இல்லை, மாற்றலும் இல்லை, நோட்டும் இல்லை. அப்போது மறுப்பைச் சொல்வது இன்னும் கடினம், மாற்றுவழி தேடுவதும் கடினம். இல்லாத வழியை உண்டென்று காட்டுவதை விட, சின்ன வழியை அது சின்னதுதான் என்று சொல்லிக் காட்டுவது மேல். வாடிக்கையாளர் கேட்டால் அந்தப் புடவையை, ஜாக்கெட் வெட்டியது என்று வெளிப்படையாக எழுதி, அவர் சொல்லும் விலைக்குக் கடையின் பக்கத்தில் படம் போட்டுத் தரலாம். விற்றால் பணம் நேராக அவருக்குப் போகட்டும். விற்காமலும் போகலாம் என்பதையும் அதே செய்தியில் சொல்லிவிட வேண்டும்.

போனில் பேசியே முடித்துவிடலாமே என்று தோன்றலாம். வயதானவர்களிடமும், எழுத்தில் கோபமாக வந்தவர்களிடமும் முதலில் பேசிவிடுவது நல்லதுதான். குரலில் இருக்கும் பரிவு எழுத்தில் வராது. ஆனால் பேசி முடித்த கையோடு தொகை, தேதி, என்ன அனுப்ப வேண்டும் என்ற மூன்றையும் எழுதி அனுப்பிவிட வேண்டும். போனில் ‘மே வரைக்கும்’ என்று சொன்னது மே முதல் தேதியா கடைசித் தேதியா என்று ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

பதில் எப்போது போக வேண்டும் என்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆன்லைன் வணிக நிறுவனங்களின் குறைதீர்ப்பு அலுவலர் ஒரு புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன மின்வணிக விதிகள். ஆனால் ஏழு நாள் கெடு வைத்திருக்கும் கடைக்கு அந்த வேகம் போதாது. ஐந்தாவது நாள் கேட்டவருக்கு எட்டாவது நாள் ‘பணம் இல்லை, மாற்றிக்கொள்ளலாம், ஆனால் கெடு நேற்றோடு முடிந்தது’ என்று பதில் போனால், அது வழிகாட்டிவிட்டு வாசலைச் சாத்துவது. கடை தாமதித்த நாட்களை வாடிக்கையாளரின் கெடுவோடு கூட்டித் தந்துவிட வேண்டும். அதை அந்தச் செய்தியிலேயே புதுத் தேதியாக எழுதிவிட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் ஏற்காமல் போகலாம். “கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன்” என்பார். அதற்குச் சவாலாகப் பதில் சொல்வது வேண்டாம். போவது அவருடைய உரிமை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 என்பதைக் கடையே சொல்லிவிடலாம். சொல்வதால் கடைக்கு நட்டமில்லை. தன் விதி நியாயமானது, அதை முன்பே சொன்னோம், குறை எதுவும் இல்லை என்ற மூன்றும் எழுத்தில் இருக்கிற கடைக்கு அந்த எண்ணைக் கண்டு பயமில்லை. அவற்றில் ஒன்று இல்லை என்றால், கடைக்காரர் அந்த இடத்திலேயே நின்று தன் மறுப்பை மறுபடி படித்துப் பார்க்க வேண்டும். பணம் தர வேண்டியதுதான் என்று அப்போது தெரிந்தால், யாரும் கட்டாயப்படுத்தும் முன் தந்துவிடுவது நல்லது.

மதுரைக்காரர் இரண்டு நாள் கழித்துப் புடவையைக் கூரியரில் போட்டு ரசீதை அனுப்பினார் என்று வைத்துக்கொள்வோம். நோட்டு அவருடைய நாத்தனார் பெயருக்கு மாறியது. கடைக்காரருக்கு இன்னும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. கல்யாணச் சந்தடியில் நாத்தனார் அந்த நோட்டை மறந்திருக்கக்கூடும். ஏப்ரல் 25-ஆம் தேதி வாக்கில், “உங்க நோட்டுல 9,800 ரூபாய் இருக்கு, மே 10 கடைசி, புதுச் சரக்கு வந்திருக்கு” என்று ஒரு செய்தி அனுப்ப வேண்டும். நோட்டு எழுதிய அன்றே போனின் நாட்காட்டியில் அந்தத் தேதியைக் குறித்து வைத்துவிடலாம்.